வெயிலில் வெந்த தோலும் கற்றாழை ஜெல்லும்

உச்சிவெயிலில் இரண்டு மணி நேரம் கடற்கரையில் பந்தாடிவிட்டு வருகிறவருக்கு, வீடு திரும்பும்போது உடம்பில் பெரிதாக எதுவும் தெரியாது. களைப்பும் தாகமும்தான் இருக்கும். மாலை ஐந்தாறு மணிக்கு மேல் பின்கழுத்து காந்தத் தொடங்கும். இரவில் சட்டைக் காலர் உரசினாலே எரியும். மறுநாள் மதியவாக்கில் அந்த எரிச்சல் உச்சத்துக்குப் போகும். வெளுத்த தோலாக இருந்தால் செக்கச்செவேலெனச் சிவந்திருக்கும். மாநிறமும் கறுப்புமான தோலில் சிவப்பு அவ்வளவாகக் கண்ணில் படாது, தொட்டால் சுடும், வலிக்கும், பிறகு கறுக்கும். நான்கைந்து நாள் கழித்துத் தோல் உரியத் தொடங்கும்.

வெயிலில் வெந்தபின் பூசும் லோஷன்களையும் கற்றாழை ஜெல்களையும் எடைபோட இந்தக் காலக்கணக்கு ஒன்றே பாதி போதும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர் தோல் செல்லுக்குள் நுழைந்து டி.என்.ஏ.வைத் தாக்குகிறது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மூலக்கூறுகள் தவறான இடத்தில் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. இதற்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை. கதிர் பட்ட கணத்திலேயே நடந்துவிடும். செல்லிடம் இதைச் சரிசெய்யும் ஏற்பாடு உண்டு. அது பழுதுபட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக எழுதும். பழுது அளவுக்கு மீறினால் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். உரிந்து விழும் தோல் இப்படி இறந்த செல்களின் அடுக்குதான்.

சிவப்பும் எரிச்சலும் இதற்குப் பின்னால் வருகிறவை. அடிபட்ட செல்கள் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றால் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, நரம்பு முனைகள் கூர்மையாகின்றன. இது முழு வேகம் எடுக்க மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும். உச்சத்தை எட்ட 12 முதல் 24 மணி நேரம். ஆகவே ஒருவர் எரிச்சல் தாங்காமல் ட்யூபைத் தேடும் நேரத்தில் முதல் சேதம் நடந்து பல மணி நேரம் கடந்திருக்கும். அந்த ட்யூபால் அதன் பிறகு என்னதான் செய்ய முடியும் என்பதே கேள்வி.

உள்ளே இருப்பதைப் பார்த்தால், பெரும்பாலான லோஷன்களில் அதிகம் இருப்பது தண்ணீர். அடுத்து கிளிசரின், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பிறகு எண்ணெய் அல்லது சிலிகோன், அது ஈரம் ஆவியாகாமல் மேலே மெல்லிய படலம் போடும். பாந்தெனால், அலன்டாயின், சாமந்தி வகைப் பூக்களிலிருந்து கிடைக்கும் பிசாபொலால் ஆகியவை எரிச்சலைத் தணிப்பதற்காகச் சேர்க்கப்படுகின்றன. கொஞ்சம் வைட்டமின் ஈ, வாசனை, கெட்டுப்போகாமல் காக்கும் பொருள். முகத்துக்கும் கைக்கும் அன்றாடம் பூசும் மாய்ஸ்சரைசரின் பட்டியலும் கிட்டத்தட்ட இதேதான். பாட்டிலின் நீல நிறமும் அதில் வரைந்த அலையும்தான் கூடுதல்.

இதனால் அது வீண் என்று ஆகிவிடாது. வெந்த தோலின் மேலடுக்கு நீரைப் பிடித்துவைக்கும் திறனை இழந்திருக்கிறது. அது காய்ந்து, இறுகி, வெடித்தால் வலி கூடும். மாய்ஸ்சரைசர் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது, உரியும் தோலின் ஓரங்களை மென்மையாக்கி உரிவது துருத்திக்கொண்டு தெரியாமல் செய்கிறது. உரிவதை அதனால் நிறுத்த முடியாது. இறந்த செல் உதிர்ந்தே ஆகவேண்டும்.

குளிர்ச்சி வேறு கதை. ஜெல்லைப் பூசியதும் ஜிலுஜிலுவென்று இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தண்ணீரும் சில ஜெல்களில் உள்ள ஆல்கஹாலும் ஆவியாகும்போது தோலிலிருந்து உண்மையாகவே வெப்பத்தை எடுத்துச் செல்கின்றன. சில நிமிடங்களில் அது தீர்ந்துவிடும். மற்றொன்று மென்தால். நம் நரம்பு முனைகளில் குளிரை உணர்வதற்கென்று ஒரு வாயில் இருக்கிறது. 2002இல் டேவிட் ஜூலியஸின் குழுவும் ஆர்டெம் படபூடியனின் குழுவும் தனித்தனியாக அதைக் கண்டறிந்தன. உணர்வு நரம்புகள் பற்றிய பணிக்காக இருவரும் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். குளிர் பட்டால் திறக்கும் அந்த வாயிலை மென்தாலும் திறந்துவிடுகிறது. தோலின் வெப்பம் இறங்காமலேயே மூளைக்குக் குளிர்ச்சி போய்ச் சேர்கிறது. வலியை மறக்க அது உதவும், சந்தேகமில்லை. ஆனால் உள்ளே வீக்கம் குறைந்துவிட்டதற்கு அது அடையாளம் ஆகாது. அந்த இதத்தை நம்பி மறுநாளும் வெயிலுக்குக் கிளம்புகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

இனி கற்றாழை. தீக்காயத்துக்கும் கதிர் காயத்துக்கும் கற்றாழை என்ற பேச்சு நவீன மருத்துவத்துக்குள் வந்தது 1935இல். எக்ஸ்-ரே கதிரால் புண்ணான தோலுக்குப் புதிதாகப் பிளந்த கற்றாழை மடலை வைத்துக் கட்டியதில் குணம் தெரிந்தது என்று அமெரிக்கக் கதிரியக்க இதழ் ஒன்றில் காலின்ஸ் என்ற குடும்பப்பெயர் கொண்ட இரு மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்குப் பிறகு கற்றாழை அழகுப் பொருள் தொழிலின் செல்லப்பிள்ளையானது. மடலுக்குள் இருக்கும் வழுவழுப்பான சோற்றில் 98 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். மிச்சமுள்ள சிறு பகுதியில்தான் விஷயம் இருப்பதாகச் சொல்லப்படுகிறது, குறிப்பாக அசிமானன் என்ற நீள்சங்கிலிச் சர்க்கரையில்.

வெயில் காயத்துக்குக் கற்றாழை வேலை செய்கிறதா என்று முறையாகச் சோதித்தவர்கள் அதிகம் இல்லை. அவற்றில் கவனமாகப் படிக்க வேண்டியது ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு. நாற்பது பேரின் முதுகில் சிறு சிறு கட்டங்களைக் குறித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் தோல் சிவக்க எவ்வளவு புற ஊதா பி கதிர் தேவை என்று முதலில் அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு கதிரை அந்தக் கட்டங்களில் பாய்ச்சினார்கள். அது லேசான வெயில் காயத்துக்குச் சமம். பிறகு ஒரு கட்டத்தில் 97.5 சதவீதம் கற்றாழை உள்ள ஜெல், இன்னொன்றில் கற்றாழை இல்லாத வெறும் ஜெல், மற்றவற்றில் ஸ்டீராய்டு மருந்துகள் என்று வைத்து மூடிக் கட்டிவிட்டார்கள். எந்தக் கட்டத்தில் எது என்று பூசியவருக்கும் தெரியாது, பூசிக்கொண்டவருக்கும் தெரியாது. சிவப்பின் அளவைக் கருவி சொன்னது.

48 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, கற்றாழை ஜெல் வைத்த இடத்தில் சிவப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோனை வெறும் ஜெல்லில் கலந்து வைத்த இடத்தைவிடவும் அது மேலாக இருந்தது. அதே ஹைட்ரோகார்டிசோனைக் கிரீமில் கலந்து வைத்தபோது கற்றாழை பின்தங்கியது. கற்றாழைக்குக் கிடைத்த உண்மையான நற்சான்று இது, மறைக்க வேண்டியதில்லை.

அதே நேரத்தில் அதன் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் முழுக்க மூடிக் கட்டி வைத்த ஜெல் அது. வீட்டில் யாரும் அப்படிச் செய்வதில்லை. தடவுகிறார்கள், பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. 97.5 சதவீதம் என்ற அளவும் கடை ட்யூப்களில் அரிது. காயமும் லேசானது. இவற்றுக்கும் மேலாக, அளந்தது சிவப்பை மட்டுமே, டி.என்.ஏ. பழுதை அல்ல.

தாய்லாந்தில் 2005இல் வெளியான இன்னொரு ஆய்வின் முடிவு இதற்கு எதிரானது. இருபது பேருக்கு 70 சதவீதக் கற்றாழை கிரீமைக் கதிர் படுவதற்கு அரைமணி முன்பும், பட்ட உடனேயும், இரண்டு வேளையும் என்று வெவ்வேறு இடங்களில் பூசி, மூன்று வாரம் தொடர்ந்தார்கள். கற்றாழை இல்லாத கிரீமோடு ஒப்பிட்டால் வெயில் காயத்தைத் தடுப்பதிலும் வித்தியாசம் இல்லை, ஆற்றுவதிலும் இல்லை. நம் ஊருக்கு மிகவும் பொருந்தும் ஒரு வரியும் அந்த முடிவில் இருக்கிறது: வெயிலில் கறுத்த தோலை வெளுக்க வைக்கும் குணமும் அந்தக் கிரீமுக்கு இல்லை. தமிழ்நாட்டில் கற்றாழை ஜெல் அதிகம் விற்பதே ‘டேன்’ போவதற்கு என்றுதான். கறுப்பு தானாகவே சில வாரங்களில் குறையும், ஏனெனில் மெலனின் ஏறிய மேலடுக்கு உதிர்ந்து புது அடுக்கு வருகிறது. அந்த வாரங்களில் தினமும் எதைப் பூசினாலும் அதற்கே பெயர் கிடைக்கும்.

கற்றாழையைக் குறைசொல்வதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். தோல் வீக்கத்தை அடக்குவதில் கைதேர்ந்தவை ஸ்டீராய்டு கிரீம்கள். டென்மார்க்கில் ஃபர்ஷோ, வுல்ஃப் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தர வீரியமும் அதிக வீரியமும் கொண்ட ஸ்டீராய்டுகளைக் கதிர் பட்டு ஆறு மணி நேரம் கழித்தும், 23 மணி நேரம் கழித்தும் பூசிப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி பயன் இல்லை. அத்தனை வலுவான மருந்தே தாமதமாக வந்தால் தோற்கிறது என்றால், வெயில் காயத்தின் போக்கை மாற்றுவது எவ்வளவு கடினம் என்று புரியும்.

ட்யூபில் கற்றாழை இருக்கிறதா என்பதே சில சமயம் கேள்வியாகிவிடுகிறது. 2016 நவம்பரில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம், அமெரிக்காவின் பெரிய கடைத் தொடர்கள் தங்கள் பெயரில் விற்ற கற்றாழை ஜெல்களை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பியது. கற்றாழை இருந்தால் அசிமானன், மாலிக் அமிலம், குளுக்கோஸ் ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். வால்மார்ட், டார்கெட், சிவிஎஸ் கடைகளின் ஜெல்களில் மூன்றும் தென்படவில்லை. மாறாக மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மலிவான மாவுச்சர்க்கரை தெரிந்தது. இத்தனைக்கும் மூன்றின் பட்டியலிலும் தண்ணீருக்கு அடுத்தபடியாகவோ முதலாகவோ கற்றாழைதான் அச்சாகியிருந்தது. பல பொருள் கலந்த தயாரிப்புக்கு அந்தச் சோதனை முறை பொருந்தாது என்று விநியோகத் தரப்பு மறுத்தது. அந்த வாதத்தில் யார் பக்கம் சரி என்பது ஒருபுறம் இருக்க, பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

வாங்குகிறவர் கையில் இருக்கும் ஒரே கருவி பின்பக்கப் பட்டியல். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அதிகம் உள்ளதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். இதை வைத்து ஒரு சிறு கணக்குப் போடலாம். ஃபினாக்ஸிஎத்தனால் என்ற பாதுகாப்புப் பொருளை வழக்கமாக ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். பட்டியலில் அதன் பெயருக்குப் பிறகு கற்றாழை வருமானால், அந்த ட்யூபில் கற்றாழை ஒரு சதவீதத்தைத் தாண்டாது.

‘99 சதவீதக் கற்றாழை’ என்ற வாசகத்திலும் ஒரு நெளிவு உண்டு. கற்றாழைச் சாற்றை உலர்த்தி 200 மடங்கு செறிவான பொடியாக விற்கிறார்கள். அரை கிராம் பொடியை 99.5 கிராம் தண்ணீரில் கரைத்தால் நூறு கிராம் கற்றாழைச் சாறு என்று கணக்கு வந்துவிடும். பொடி நல்லதாக இருந்தால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை, மடலுக்குள்ளும் பெரும்பாலும் தண்ணீர்தானே. ஆனால் அந்தப் பொடியை எப்படி உலர்த்தினார்கள், அசிமானன் எவ்வளவு பிழைத்தது என்பது முன்பக்க எண்ணில் தெரியாது. ஜெல்லின் கெட்டித்தன்மையும் கற்றாழையால் வருவது அல்ல. கார்போமர் என்ற செயற்கைப் பொருளை அரை சதவீதம் போட்டாலே தண்ணீர் கண்ணாடிபோல் இறுகி நிற்கும். பச்சை நிறம் நிச்சயமாகச் சாயம். மடலின் சோறு நிறமற்றது. பட்டியலின் கடைசியில் CI 19140, CI 42090 என்று இருந்தால் மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையாக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

வீட்டு வாசலில் தொட்டியில் வளரும் சோற்றுக்கற்றாழை மேல் இல்லையா என்று கேட்கலாம். பல வகையில் மேல்தான், ஒரு எச்சரிக்கையோடு. மடலின் தோலுக்கு அடியில் ஓடும் மஞ்சள் பால் வேறு, உள்ளே இருக்கும் சோறு வேறு. அந்தப் பாலில் உள்ள அலோயின் பேதியாக்கும் பொருள். தோலிலும் சிலருக்கு அரிப்பையும் எரிச்சலையும் கொடுக்கும். மடலை அடியில் வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால்மணி நேரம் சாய்த்து வைத்தால் பால் வடியும். பிறகு பச்சைத் தோலைத் தடிமனாகச் சீவி, சோற்றை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். முன்கையில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசுவது நல்லது. கொப்புளம் உடைந்த இடத்தில் பூசக்கூடாது, அதில் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது. மிச்சத்தை டப்பாவில் அடைத்து வாரக்கணக்கில் வைத்துக்கொள்வதும் வேண்டாம். வெட்டியதிலிருந்தே அந்தச் சர்க்கரைச் சங்கிலிகள் உடையத் தொடங்கிவிடுகின்றன.

அதோடு எலுமிச்சைச் சாறு கலக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். எலுமிச்சை வகைகளில் உள்ள ஃபுரோகுமரின்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், அந்த இடமே வெந்து கொப்புளம் கட்டி, மாதக்கணக்கில் நீங்காத கறுப்புத் திட்டாக நிற்கும். டேன் போக்கப் பூசியது அதைவிட மோசமான கறையைத் தந்துவிட்டுப் போகும்.

மாய்ஸ்சரைசரைத் தாண்டி உண்மையாகவே ஏதாவது செய்யக்கூடிய லோஷன் உண்டா? ஆய்வகங்களில் அதற்கான முயற்சி நடந்திருக்கிறது. வைட்டமின் சி, ஈ போன்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்களைக் கதிர் பட்ட பிறகு பூசிப் பார்த்த 1999ஆம் ஆண்டு ஆய்வில் சிவப்பு குறையவில்லை. ஆனால் 2015இல் யேல் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பிராஷ் குழு ஓர் எதிர்பாராத செய்தியைச் சொன்னது. நிறமி செல்களில் டி.என்.ஏ. பழுது வெயிலோடு நிற்பதில்லை. இருட்டுக்கு வந்த பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் புதிய பழுதுகள் உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. வேதிவினையால் கிளர்ச்சியடைந்த மெலனின் அந்தச் சக்தியை டி.என்.ஏ.வுக்குக் கடத்துவதுதான் காரணம். அந்த மூன்று மணி நேரத்தில் குறுக்கிடும் ஒரு பொருள் கிடைத்தால், வெயிலுக்குப் பின் பூசும் லோஷனுக்கு முதல்முறையாக ஒரு மருத்துவ அர்த்தம் வரும்.

இன்னொரு வழி, பழுது நீக்கும் நொதியையே பூசுவது. நீலப்பச்சைப் பாசி முதலிய பல உயிர்களிடம் ஃபோட்டோலயேஸ் என்ற நொதி இருக்கிறது. மனிதரிடம் அது இல்லை. ஜெர்மன் குழு ஒன்று 2000இல், கதிர் பட்ட தோலில் இதைக் கொழுப்புக் குமிழிகளில் அடைத்துப் பூசி, பிறகு அந்த நொதியைத் தூண்டும் ஒளியைப் பாய்ச்சியபோது, பழுதான பிணைப்புகள் 40 முதல் 45 சதவீதம் குறைந்தன. ஒளி இல்லாமல் அது இயங்காது. இந்த நொதியின் பெயரைத் தாங்கிய கிரீம்கள் இன்று விலையுயர்ந்த அலமாரிகளில் கிடைக்கின்றன. இரவில் பூசிக்கொண்டு படுப்பவருக்கு அந்த விலை வீண். டி4 எண்டோநியூக்ளியேஸ் என்ற மற்றொரு நொதிக்கு ஒளி தேவையில்லை. டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்ய முடியாத அரிய பரம்பரை நோய் கொண்ட முப்பது பேரிடம் அதை ஓராண்டு தினமும் பூசிய ஆய்வு 2001இல் லான்செட் இதழில் வந்தது. புற்றுநோய்க்கு முந்தைய புதுப் புண்களும் ஒருவகைத் தோல் புற்றும் அவர்களுக்குக் குறைவாகவே வந்தன. சாதாரணமாக வெயிலில் வெந்தவருக்கு அது எந்த அளவு பயன்படும் என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை.

ஆகவே இன்று காந்தும் தோலோடு இருப்பவர் செய்யக்கூடியது எளிமையானது. நிழலுக்கு வருவது, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போடுவது, அதை நாளில் சில முறை திரும்பச் செய்வது. ஐஸ் கட்டியை நேராக வைக்கக்கூடாது. தோல் ஈரமாக இருக்கும்போதே வாசனையும் ஆல்கஹாலும் இல்லாத ஒரு மாய்ஸ்சரைசரையோ கற்றாழை ஜெல்லையோ பூசலாம். விலை குறைந்ததே போதும். முதல் நாளில் வாசலின் மாதிரிக் கெட்டியான பிசுக்கு வெப்பத்தை உள்ளே அடைத்துவைக்கும். பென்சோகெய்ன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த ஜெல்கள் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். வலி அதிகமானால் ஐபுபுரோஃபென் மாத்திரை முதல் நாளிலேயே சாப்பிட்டால் ஓரளவு கேட்கும், ஏனெனில் அது புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கிறது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கொப்புளத்தைக் குத்தக்கூடாது.

பெரிய பரப்பில் கொப்புளம், காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, தலைச்சுற்றல், குழப்பம் இவற்றில் எது வந்தாலும் ஜெல்லை வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைக்குழந்தைக்குத் தோல் வெந்திருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம். வழக்கமாக வெயிலைத் தாங்குகிறவர் திடீரென்று கொஞ்ச நேர வெயிலுக்கே வெந்துபோனால், சாப்பிடும் மாத்திரைகளை எடுத்துப் பார்ப்பது நல்லது. முகப்பருவுக்கும் கிருமித் தொற்றுக்கும் தரும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகிய இரண்டும் தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்கும். அப்போது பேச வேண்டியது மருந்துச் சீட்டு எழுதியவரிடம்தான்.